உப்புக்குப் பின்னால் வரும் ஓட்ஸ்

பிஸ்கட் பாக்கெட்டின் முன்பக்கத்தை எழுதுவது கம்பெனியின் விளம்பரப் பிரிவு. பின்பக்கத்தை எழுதவைப்பது சட்டம். முன்னால் ராகிக் கதிர், தேன் துளி, பொன்னிறக் கோதுமை வயல் எல்லாம் பெரிதாக இருக்கும். பின்னால், பாக்கெட்டின் மடிப்போரத்தில், பொடி எழுத்தில் உண்மை இருக்கும். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கவேண்டும் என்பதுதான் இந்திய விதி. தமிழைச் சேர்ப்பதும் சேர்க்காததும் கம்பெனியின் விருப்பம். அதனால் பத்துப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால்தான் நம் ஊர் மளிகைக் கடையில் நாம் என்ன வாங்குகிறோம் என்பது நமக்குப் புரியும்.

தின்பண்டங்களில் ஆயிரம் வகை உண்டு. இங்கே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: 'மல்டிகிரெய்ன் டைஜஸ்டிவ்' என்ற வகை பிஸ்கட். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கும், எடை குறைக்க நினைப்பவர்களுக்கும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் "இதுவாவது நல்லது" என்று நம்பி வாங்கப்படுவது இதுதான். க்ரீம் பிஸ்கட்டை வாங்குபவருக்குத் தான் இனிப்பு வாங்குகிறோம் என்று தெரியும். டைஜஸ்டிவ் வாங்குபவர் அப்படி நினைப்பதில்லை. லேபிளைப் படிக்கவேண்டிய அவசியம் அவருக்குத்தான் அதிகம்.

நாம் பிரிக்கப்போகும் பாக்கெட் எந்த ஒரு நிறுவனத்தின் பெயரையும் தாங்கியதல்ல. இந்த வகை பிஸ்கட்டுகளில் வழக்கமாகக் காணப்படும் அளவுகளை வைத்து நான் உருவாக்கிய மாதிரி. எடை 100 கிராம், உள்ளே 10 பிஸ்கட். முன்பக்கத்தில் ராகி படமும் ஓட்ஸ் படமும் இருக்கின்றன. 'நார்ச்சத்து கொண்டது', 'கொலஸ்ட்ரால் இல்லை', 'டிரான்ஸ் ஃபேட் இல்லை' என்று மூன்று முத்திரைகள். பின்பக்கத்தில் 'இன்கிரீடியன்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் இப்படி இருக்கிறது:

ரிஃபைன்ட் வீட் ஃப்ளார் (மைதா) 46%, பாமாயில், சுகர், ஹோல் வீட் ஃப்ளார் (ஆட்டா) 12%, வீட் பிரான் 4%, இன்வர்ட் சுகர் சிரப், ராகி மாவு 1.5%, லிக்விட் குளுக்கோஸ், உப்பு, ஓட்ஸ் 0.6%, மால்ட் எக்ஸ்ட்ராக்ட், பேக்கிங் சோடா வகைகள், எமல்சிஃபையர், ஃப்ளேவர்.

இந்த வரிசை யாரோ தோன்றியபடி எழுதியதல்ல. எது அதிக எடையில் சேர்க்கப்பட்டதோ அது முதலில் வரவேண்டும், அதைவிடக் குறைந்தது அடுத்து, இப்படியே இறங்குவரிசையில் எழுதவேண்டும் என்பது விதி. ஆகவே பட்டியலின் முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பாக்கெட்டின் பெரும்பகுதியைப் படித்தாயிற்று. இங்கே முதல் மூன்று மைதா, பாமாயில், சர்க்கரை. முன்பக்கத்தில் இந்த மூன்றுக்கும் படம் இல்லை.

விகிதம் எழுதியிருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. ஒரு பொருளை முன்பக்கத்தில் பெயராகவோ படமாகவோ தூக்கிக் காட்டினால், அது எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பட்டியலில் சொல்லியாகவேண்டும். ராகிக் கதிரை அச்சடித்ததால்தான் 1.5% என்ற எண் வெளியே வந்தது. 100 கிராம் பாக்கெட்டுக்கு ஒன்றரை கிராம், அதாவது அரை டீஸ்பூன் மாவு. அது பத்து பிஸ்கட்டுகளுக்குப் பங்கு போடப்பட்டிருக்கிறது. ஓட்ஸ் அதையும்விடக் குறைவு.

இந்த எண்கள் இன்னொரு வேலைக்கும் உதவும். இறங்குவரிசை என்பதால், சதவீதம் எழுதாத பொருளின் அளவையும் பக்கத்திலிருப்பதை வைத்துக் கணிக்கலாம். சர்க்கரைக்கு எண் தரப்படவில்லை. ஆனால் அது 12% ஆட்டாவுக்கு முன்னால் நிற்கிறது. எனவே சர்க்கரை 12 சதவீதத்துக்குக் குறையாது. அதேபோல லிக்விட் குளுக்கோஸ் 1.5% ராகிக்குப் பின்னால் வருவதால் அது ஒன்றரை சதவீதத்தைத் தாண்டாது. கம்பெனி சொல்லாமல் விட்டதை வரிசையே சொல்லிவிடுகிறது.

எந்தச் சதவீதமும் எழுதாத பாக்கெட்டில் என்ன செய்வது? உப்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இனிப்பு பிஸ்கட்டில் உப்பு பொதுவாக ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அதைவிட அதிகம் போட்டால் வாய் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே பட்டியலில் உப்புக்குப் பின்னால் வருவது எதுவாக இருந்தாலும், அது பாதாமோ தேனோ ஓட்ஸோ, கிட்டத்தட்டப் பெயருக்குப் போட்டதுதான். நம் பாக்கெட்டில் ஓட்ஸ் உப்புக்குப் பின்னால் நிற்கிறது. உப்புக்கு இல்லாத மரியாதை ஓட்ஸுக்குக் கிடைத்து, முன்பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய அதன் படம் இருக்கிறது.

காரவகைகளுக்கு இந்தச் சோதனையை அப்படியே பொருத்த முடியாது. மிக்சரிலும் சிப்ஸிலும் உப்பு இரண்டு சதவீதத்தைக்கூடத் தாண்டும். ஆனாலும் 'கீரை சிப்ஸ்', 'பீட்ரூட் முறுக்கு' போன்றவற்றில் கீரைப் பொடியும் பீட்ரூட் பொடியும் உப்புக்கு எந்தப் பக்கம் நிற்கின்றன என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

இனி சர்க்கரை. நம் பட்டியலில் சர்க்கரை மூன்றாவது இடத்தில் இருக்கிறது என்றேன். அது பாதி உண்மை. இன்வர்ட் சுகர் சிரப், லிக்விட் குளுக்கோஸ், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் ஆகியவையும் சர்க்கரையின் உறவினர்கள்தாம். இன்வர்ட் சுகர் என்பது சாதாரணச் சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்த பாகு. லிக்விட் குளுக்கோஸ் பெரும்பாலும் சோள மாவிலிருந்து வருவது. பிஸ்கட்டுக்கு நிறம் வரவும், அது மொறுமொறுப்பாக வேகவும் இவற்றுக்கு வேலை உண்டு. ஏமாற்றுவதற்காக மட்டுமே சேர்க்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் விளைவு ஒன்றுதான். ஒரே பெயரில் எழுதியிருந்தால் பட்டியலில் முன்னால் வந்திருக்கவேண்டிய இனிப்பு, நான்கு பெயர்களாகப் பிரிந்து பின்வரிசைக்குப் போய்விடுகிறது. சில கிரனோலா பார்களில் இது உச்சத்துக்குப் போகும். முதலிடத்தில் ஓட்ஸ் இருக்கும். பின்னால் சர்க்கரை, தேன், குளுக்கோஸ் சிரப், பிரவுன் சுகர் என்று வரிசையாக நிற்பவற்றைக் கூட்டினால் ஓட்ஸை நெருங்கிவிடும்.

டெக்ஸ்ட்ரோஸ், சுக்ரோஸ், ஃப்ரக்டோஸ் என்று 'ஓஸ்' என முடியும் பெயர்கள், 'சிரப்' என்று முடியும் பெயர்கள், பழச்சாறு கான்சன்ட்ரேட், தேன், வெல்லம், நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். வெல்லத்தைச் சேர்த்ததில் சிலருக்கு வருத்தம் இருக்கலாம். 'சர்க்கரை இல்லை, வெல்லம் மட்டுமே' என்று எழுதிய பண்டங்கள் இப்போது நிறைய வருகின்றன. வெல்லத்தில் கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் தாதுக்கள் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் அதன் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், கணையத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

நல்ல வேளையாக, இந்தப் பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்யாமலே விடை காண ஒரு வழி இருக்கிறது. ஊட்டச்சத்து அட்டவணையில் 'டோட்டல் சுகர்ஸ்', 'ஆடட் சுகர்ஸ்' என்று இரண்டு வரிகள் இருக்கவேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின், அதாவது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின், 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறை சொல்கிறது. பால், பழம் போன்றவற்றில் இயல்பாக இருப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டது முதலாவது. தயாரிக்கும்போது வெளியிலிருந்து சேர்த்தது இரண்டாவது. எத்தனை பெயர்களில் ஒளிந்திருந்தாலும் எல்லாச் சிரப்பும் இந்த இரண்டாவது வரியில் வந்து கூடிவிடும். நமது மாதிரிப் பாக்கெட்டின் அட்டவணை, 100 கிராமுக்கு: எனர்ஜி 486 கிலோ கலோரி, புரதம் 7.2 கிராம், கார்போஹைட்ரேட் 67 கிராம், டோட்டல் சுகர்ஸ் 18 கிராம், ஆடட் சுகர்ஸ் 16.5 கிராம், நார்ச்சத்து 4.5 கிராம், மொத்தக் கொழுப்பு 21 கிராம், அதில் சாச்சுரேட்டட் ஃபேட் 10 கிராம், சோடியம் 380 மில்லிகிராம்.

ஆறில் ஒரு பங்கு சேர்த்த சர்க்கரை. இதையே பாக்கெட் எப்படிக் காட்டுகிறது என்று பாருங்கள். பக்கத்தில் இன்னொரு கட்டம், 'பெர் சர்வ்' என்று. ஒரு சர்வ் என்பது 20 கிராம், அதாவது இரண்டு பிஸ்கட். சேர்த்த சர்க்கரை 3.3 கிராம், ஒரு நாள் தேவையில் 7 சதவீதம். ஏழு சதவீதம் என்றால் யார்தான் பயப்படுவார்கள்?

இந்த ஏழு சதவீதத்துக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. டீயோடு இரண்டே பிஸ்கட் எடுத்துப் பாக்கெட்டை மடித்துவைப்பவர்கள் அபூர்வம் என்பது முதலாவது. சர்வ் அளவைத் தீர்மானிப்பது கம்பெனி. நாம் எவ்வளவு தின்போம் என்பது அவர்களுக்கும் தெரியும். இரண்டாவது, இந்தச் சதவீதம் எதை நூறாக வைத்துக் கணக்கிடப்பட்டது என்பது. இந்திய லேபிளில் நாளொன்றுக்கு 2000 கிலோ கலோரி சாப்பிடும் பெரியவரை வைத்து, சேர்த்த சர்க்கரைக்கு 50 கிராம் என்ற அளவை எடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இது உச்சவரம்பு. மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும், 5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தால் மேலும் நல்லது என்றது அது. 5 சதவீதம் என்றால் சுமார் 25 கிராம். லேபிள் அந்தத் தாராளமான எல்லையை எடுத்துக்கொண்டதால், எந்தச் சதவீதமும் பார்ப்பதற்குப் பாதியாகத் தெரியும்.

உண்மையான ஒரு நாளை வைத்துப் பார்ப்போம். மாலையில் ஐந்து பிஸ்கட், அதாவது பாதிப் பாக்கெட். சேர்த்த சர்க்கரை எட்டேகால் கிராம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம் என்பதால், இது இரண்டு டீஸ்பூனுக்குச் சற்று மேல். காலையும் மாலையும் குடிக்கும் காப்பியில் தலா இரண்டு டீஸ்பூன் போட்டால் 16 கிராம். ஆக 24 கிராமைத் தாண்டியாயிற்று. இதில் இனிப்பு என்று எண்ணித் தின்றது ஒன்றுகூட இல்லை. பிஸ்கட்டைத் தின்பது ஐந்து வயதுக் குழந்தை என்றால் இந்த 2000 கலோரிக் கணக்கே பொருந்தாது. அந்தக் குழந்தைக்குத் தேவை அதைவிடக் குறைவு, ஆகவே சர்க்கரையின் எல்லையும் குறைவு. ஆனால் குழந்தைகளுக்கென்றே விற்கும் பாக்கெட்டிலும் சதவீதம் பெரியவர் கணக்கில்தான் அச்சாகிறது.

அதனால் கடையில் நிற்கும்போது 'பெர் சர்வ்' கட்டத்தை விட்டுவிட்டு '100 கிராமுக்கு' என்ற கட்டத்தை மட்டும் பார்ப்பது உத்தமம். இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிடவும் அதுதான் வழி. ஒன்றின் சர்வ் 15 கிராம், மற்றதின் சர்வ் 30 கிராம் என்று இருந்தால் சர்வ் கணக்கில் ஒப்பிடுவதே வீண்.

மைதாவைக் கண்டுபிடிப்பது சர்க்கரையைவிடக் கொஞ்சம் நுட்பமான வேலை, ஏனென்றால் மைதாவுக்கு அட்டவணையில் தனி வரி கிடையாது. கோதுமையின் தவிடும் முளையும் நீங்கிய பிறகு எஞ்சும் வெள்ளை மாவுதான் மைதா. அதைப் பட்டியலில் 'ரிஃபைன்ட் வீட் ஃப்ளார்' என்று எழுதுவார்கள். சில இடங்களில் 'வீட் ஃப்ளார்' என்று மட்டும் இருக்கும். 'ஹோல்' என்ற சொல் முன்னால் இல்லாவிட்டால் அதை மைதா என்றே வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 'கோதுமையால் ஆனது' என்று முன்பக்கத்தில் எழுதுவது பொய்யாகாது. மைதாவும் கோதுமைதானே. பிரெட்டின் பழுப்பு நிறத்தையும் நம்பவேண்டாம். கேரமல் கலர், அதாவது 150 என்று தொடங்கும் ஐ.என்.எஸ். எண், பட்டியலில் இருந்தால் அந்த நிறம் தவிட்டால் மட்டும் வந்ததல்ல என்று அர்த்தம்.

இதற்கும் அட்டவணையிலேயே ஒரு சோதனை இருக்கிறது. கார்போஹைட்ரேட் எத்தனை கிராம், நார்ச்சத்து எத்தனை கிராம் என்று பார்த்து, முதலாவதை இரண்டாவதால் வகுக்கவேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் ஆட்டாவில் கார்போஹைட்ரேட் சுமார் 64 கிராம், நார்ச்சத்து சுமார் 11 கிராம். வகுத்தால் ஆறுக்குக் கிட்டே வரும். மைதாவில் 74 கிராம், நார்ச்சத்து மூன்று கிராம்கூட இல்லை. வகுத்தால் 27க்குப் பக்கத்தில் வரும். முழுத்தானியமா இல்லையா என்று பார்க்க, ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் பத்தைக் கோடாக வைக்கிறார்கள். பத்துக்குள் வந்தால் முழுத்தானியம் கணிசமாக இருக்கிறது, தாண்டினால் சந்தேகப்படலாம். நம் பாக்கெட்டில் 67ஐ 4.5ஆல் வகுத்தால் 15. மைதாவோடு தவிட்டைக் கொஞ்சம் தூவியது அப்பட்டமாகத் தெரிகிறது.

இந்தச் சோதனைக்கும் ஓட்டைகள் உண்டு. மைதாவோடு இனுலின், பாலிடெக்ஸ்ட்ரோஸ், ஓட்ஸ் ஃபைபர் என்று தனியாகப் பிரித்தெடுத்த நார்ப்பொருளைக் கலந்தால் கணக்கு அழகாகப் பத்துக்குள் வந்துவிடும். அப்போது மறுபடியும் பட்டியலுக்குத் திரும்பி முதல் பெயர் என்ன என்று பார்க்கவேண்டும். இன்னொன்று, நார்ச்சத்து வரி எல்லா பாக்கெட்டிலும் இருக்காது. நார்ச்சத்தைப் பற்றி முன்பக்கத்தில் பெருமை பேசினால்தான் அதை எழுதவேண்டும். 'மல்டிகிரெய்ன்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு அட்டவணையில் நார்ச்சத்து வரியே இல்லாமல் விட்டிருந்தால், அந்த மௌனத்தை நான் பதிலாகவே எடுத்துக்கொள்வேன்.

'நார்ச்சத்து கொண்டது' என்ற முத்திரை நம் பாக்கெட்டில் எப்படி வந்தது? 2018ஆம் ஆண்டின் விளம்பரம் மற்றும் உரிமைகோரல் விதிமுறைப்படி, 100 கிராமில் 3 கிராம் நார்ச்சத்து இருந்தாலே ஒரு திடப்பொருளை அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். 'ஹை ஃபைபர்' என்று சொல்லத்தான் 6 கிராம் வேண்டும். நம் பாக்கெட்டில் 4.5 கிராம், முத்திரை சட்டப்படி சரி. மைதா பாதியும் பாமாயில் ஐந்தில் ஒன்றுமாக இருப்பதை அந்த முத்திரை மறுக்கவில்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. முன்பக்க வாசகங்களில் பச்சைப் பொய் குறைவு. உண்மையில் ஒரு துண்டை வெட்டி வெளிச்சத்தில் வைப்பதுதான் வழக்கம்.

'கொலஸ்ட்ரால் இல்லை' என்பது அதற்கு நல்ல உதாரணம். கொலஸ்ட்ரால் விலங்குகளிலிருந்து கிடைக்கும் உணவில்தான் இருக்கும். தாவர எண்ணெயில் எந்தக் காலத்திலும் அது கணக்கிடும் அளவுக்கு இருந்ததில்லை. ஆனால் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதில் உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிடச் சாச்சுரேட்டட் கொழுப்புக்குப் பங்கு அதிகம். பாமாயிலில் கிட்டத்தட்டப் பாதி அந்தக் கொழுப்புதான். நம் ஐந்து பிஸ்கட்டில் 5 கிராம் சாச்சுரேட்டட் கொழுப்பு இருக்கிறது. லேபிள் கணக்கில் ஒரு நாளைக்கு 22 கிராம் என்று வைத்தாலும் நான்கில் ஒரு பங்கை நெருங்குகிறது. 'டிரான்ஸ் ஃபேட் இல்லை' என்பதும் முன்போலப் பெருமைக்குரிய விஷயமல்ல. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் டிரான்ஸ் ஃபேட் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது.

சர்க்கரை நோயாளிகளைக் குறிவைக்கும் 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாவிட்டால் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம். சர்க்கரைக்குப் பதில் மால்டிடால் போன்ற இனிப்பூட்டிகளைச் சேர்ப்பார்கள். அதிகம் தின்றால் வயிற்றைக் கலக்கும் என்ற எச்சரிக்கையும் சின்னதாக இருக்கும். ஆனால் அட்டவணையில் கார்போஹைட்ரேட் வரியைப் பாருங்கள். அங்கே 65, 70 கிராம் என்று நிற்கும். மைதாவின் மாவுச்சத்து உடலுக்குள் போய்க் குளுக்கோஸாகத்தான் மாறப்போகிறது. சர்க்கரை இல்லை என்ற தைரியத்தில் நான்கு பிஸ்கட் கூடுதலாகத் தின்றவருடைய ரத்தப் பரிசோதனையில் அது தெரியும்.

சர்க்கரை வரியில் அகப்படாமல் தப்பிக்கும் இன்னொரு பொருள் மால்டோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்தை ஓரளவு உடைத்து எடுத்த வெள்ளைப் பொடி. சங்கிலி கொஞ்சம் நீளமாக இருப்பதால் வேதியியல் இலக்கணப்படி அதைச் சர்க்கரை என்று சொல்ல முடியாது. ஆகவே 'சுகர்ஸ்' வரியில் அது பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் குடலில் அந்தச் சங்கிலி சட்டென்று உடைந்துவிடும், குளுக்கோஸுக்கு இணையான வேகத்தில் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். சிப்ஸின் மசாலாத் தூளில் ருசியைத் தாங்கும் பொடியாகச் சிறிது சேர்ப்பது பெரிய விஷயமில்லை. பால் கலக்கும் ஊட்டப் பொடிகளிலும், 'சர்க்கரை சேர்க்காத' பார்களிலும் அது பட்டியலின் முதல் மூன்று இடங்களில் வந்தால் விஷயம் வேறு.

ஊட்டப் பொடி என்றதும் போர்ன்விட்டா விவகாரம் பலருக்கு நினைவுக்கு வரும். 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்பவர் அதன் சர்க்கரை அளவைப் பற்றி ஒரு வீடியோ போட்டார். கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் வந்ததும் அதை நீக்கினார். ஆனால் பேச்சு அடங்கவில்லை, குழந்தைகள் உரிமை பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் கம்பெனியிடம் விளக்கம் கேட்டது. அதே ஆண்டின் கடைசியில் கம்பெனி சேர்த்த சர்க்கரையைக் குறைத்தது. 2024 ஏப்ரலில், இப்படிப்பட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்கவேண்டாம் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இணைய வணிக நிறுவனங்களுக்குச் சொன்னது. அதற்குக் காரணம் கவனிக்கத்தக்கது: உணவுச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. அந்த வீடியோவில் ரகசிய ஆவணம் எதுவும் வெளியாகவில்லை. எல்லா டப்பாவின் பின்னாலும் அச்சாகியிருந்த எண்களைத்தான் அவர் வாசித்துக் காட்டினார்.

ஒரு வாங்குபவர் ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பி வகுத்தல் கணக்குப் போடவேண்டுமா என்று கேட்பது நியாயம்தான். சிலி நாடு 2016இலேயே வேறு வழி கண்டது. சர்க்கரையோ உப்போ சாச்சுரேட்டட் கொழுப்போ கலோரியோ எல்லை தாண்டினால், பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை குத்தவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். இந்தியாவில் 2022இல் வெளியான வரைவு நட்சத்திர மதிப்பீட்டைப் பரிந்துரைத்தது. சினிமாவுக்குப் போடுவதுபோல அரை நட்சத்திரம் முதல் ஐந்து வரை. அதில் எனக்கு உடன்பாடில்லை. நட்சத்திரக் கணக்கில் கெட்டதற்குக் கழித்ததை நல்லதற்குக் கூட்டி ஈடுகட்டிவிடலாம். தவிடும் சிறுதானியமும் கொஞ்சம் சேர்த்தால் சர்க்கரையின் மதிப்பெண் குறைவு மறைந்துவிடும். நாம் பிரித்த பாக்கெட் செய்ததும் அதைத்தான். எச்சரிக்கையா நட்சத்திரமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2024 ஜூலையில் சர்க்கரை, உப்பு, சாச்சுரேட்டட் கொழுப்பு ஆகியவற்றைத் தடித்த, பெரிய எழுத்தில் போடவேண்டும் என்ற முன்மொழிவுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஒப்புதல் அளித்தது. அது வந்தால் கண்ணாடி போட்டவர்களுக்காவது நிம்மதி.

ஆனால் லேபிளை எவ்வளவு பெரிதாக அச்சடித்தாலும் எட்டாத ஓர் இடம் இருக்கிறது. பாக்கெட்டின் மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டரைத் தாண்டாவிட்டால், பொருள் பட்டியலும் ஊட்டச்சத்து அட்டவணையும் அதில் இல்லாமலே விற்கலாம் என்று விதி விலக்குத் தருகிறது. பல சிறு பாக்கெட்டுகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய உறையில் அச்சிட்டால் போதும். அந்தப் பெரிய உறையைப் பிரித்துப் போடுபவர் கடைக்காரர். பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குபவற்றில் மிகச் சிறியவற்றை, இரண்டு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் பிள்ளைகள் தாங்களாகவே போய் வாங்குபவற்றை, ஒருமுறை பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பல பாக்கெட்டுகளில் படிப்பதற்கு ஒன்றும் இருக்காது. என்ன இருக்கிறது என்று தெரியவேண்டுமானால், அதே பண்டத்தின் பெரிய பாக்கெட்டை மளிகைக் கடையில் தேடி எடுத்து, அதன் '100 கிராமுக்கு' கட்டத்தைப் படிக்கவேண்டும்.